இயர்போன் துளை இல்லாத போனில் வயர் இயர்போன்: டொங்கிள் மாட்டியும் சரிவராவிட்டால் எங்கே பார்ப்பது

திருகோணமலையில் போன் திருத்தும் மேசைக்கு வரும் டொங்கிள் முறைப்பாடுகள் பெரும்பாலும் ஐந்தாறு வகைக்குள் அடங்கிவிடும். ஒன்றுமே கேட்கவில்லை, விட்டு விட்டுக் கேட்கிறது, பாடகரின் குரல் மட்டும் காணாமல் போகிறது, சத்தம் காணாது, தரம் கெட்டுவிட்டது, சார்ஜ் போட்டால் இரைகிறது. இவற்றில் பலவற்றை வீட்டிலேயே செலவில்லாமல் தீர்க்கலாம். உங்கள் போனில் என்ன அறிகுறியோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். அதற்கு முன் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் வாசித்துவிடுங்கள், ஏனென்றால் பின்னால் வரும் பாதிப் பதில்கள் அதில்தான் தொங்குகின்றன.

## முதலில்: உங்கள் டொங்கிளுக்குள் சிப் இருக்கிறதா?

டைப்-சி டொங்கிள்கள் வெளியே ஒரே மாதிரித் தெரிந்தாலும் உள்ளே இரண்டு வகை. ஒன்றில் வெறும் கம்பி இணைப்பு மட்டும்தான். பாட்டை மின்னலையாக மாற்றும் வேலையைப் போன் செய்கிறது, டொங்கிள் அதை இயர்போனுக்குக் கடத்துகிறது. மற்றதில் ஒரு சிறிய சிப் இருக்கிறது. போன் எண்களாக அனுப்புவதை அந்தச் சிப்தான் ஒலியாக மாற்றுகிறது.

சிப் இல்லாத டொங்கிள், அதற்கென்று வசதி செய்யப்பட்ட போன்களில் மட்டுமே பாடும். ஹுவாவே, ஷாவோமி நிறுவனங்களின் பழைய மாதிரிகள் பலவற்றில் அந்த வசதி உண்டு. சாம்சங்கின் நோட் 10 முதல் வந்த துளையில்லாப் போன்களிலும், கூகுள் பிக்ஸலிலும், டைப்-சிக்கு மாறிய ஐபோன் 15 முதலான மாதிரிகளிலும் சிப் உள்ள டொங்கிள்தான் வேண்டும்.

வகையைக் கண்டுபிடிக்க எளிய வழி மடிக்கணினி. அதன் டைப்-சி துளையில் டொங்கிளை மாட்டி, இயர்போனையும் செருகுங்கள். ஒலி அமைப்பில் புதிதாக ஒரு சாதனம் தோன்றினால் உள்ளே சிப் இருக்கிறது. எதுவுமே தோன்றாவிட்டால் பெரும்பாலும் சிப் இல்லாதது. மடிக்கணினி இல்லையென்றால் யாராவது ஒருவரின் புதிய சாம்சங் போனில் மாட்டிப் பார்த்தாலும் அதே விடை கிடைக்கும்.

## அறிகுறி: மாட்டினாலும் பாட்டு போனின் ஸ்பீக்கரிலேயே கேட்கிறது

போனின் கவரைக் கழற்றிப் பாருங்கள். தடித்த கவர் போட்ட போன்களில் டொங்கிளின் தலை கவரில் இடித்து முழுதாக உள்ளே போகாது. சார்ஜர் வயரின் தலை ஒடுக்கமாக இருப்பதால் சார்ஜ் ஏறும், டொங்கிள் மட்டும் வேலை செய்யாது. அதனால்தான் போனில் பிழையில்லை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

திருப்பிப் போடுங்கள். டைப்-சி எந்தப் பக்கமும் போகும். ஒரு பக்கம் வேலை செய்து மறு பக்கம் செய்யாவிட்டால், போனின் துளைக்குள் ஒரு வரிசைத் தொடுமுனைகள் அழுக்காக அல்லது அரித்துப் போயிருக்கின்றன. டொங்கிளை மாற்றிப் பயனில்லை.

துளையைத் துப்புரவாக்குங்கள். போனை நிறுத்திவிட்டு, பல்லுக் குத்தும் மரக்குச்சியின் நுனியால் துளையின் அடியிலிருந்து பஞ்சை மெதுவாக வெளியே இழுங்கள். ஊசி, சேப்டி பின் எதுவும் வேண்டாம். நடுவில் இருக்கும் மெல்லிய நாக்கு வளைந்தால் துளையையே மாற்ற வேண்டி வரும். காற்சட்டைப் பையில் போன் வைப்பவர்களுக்கு இங்கிருந்து வெளிவரும் பஞ்சைப் பார்த்தால் நம்ப முடியாமல் இருக்கும்.

நம் ஊரில் இன்னொன்றும் இருக்கிறது, உப்பு. உப்புவெளிக்கோ நிலாவெளிக்கோ குளிக்கப் போய் ஈரக் கையால் எடுத்த போன், மீன்பிடிக்கும் வள்ளத்தில் போய் வந்த போன், கடலோர வீட்டு யன்னலடியில் கிடக்கும் போன் எல்லாவற்றிலும் துளைக்குள் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருப்பதைக் காண்கிறோம். திரையில் ஈரப்பதம் இருப்பதாக எச்சரிக்கை வந்தால் சார்ஜரையும் டொங்கிளையும் மாட்டாமல், துளை கீழே பார்க்கும்படி போனைச் சாய்த்து மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். வாயால் ஊதினால் ஈரம்தான் கூடும். காய்ந்த பிறகும் பூத்த நிறம் தெரிந்தால் அதைச் சுரண்ட வேண்டாம். ஐசோபுரொப்பைல் அல்கஹோல் வைத்திருக்கும் கடையில் கழுவிக் கொடுப்பார்கள். இந்தக் கட்டத்தில் கடைக்குப் போவது செலவு குறைவு, விட்டுவைத்தால் கூடும்.

ஓ.டி.ஜி. திறந்திருக்கிறதா பாருங்கள். ஒப்போ, ரியல்மி, விவோ, வன்பிளஸ் போன்களில் பலவற்றில் வெளிச் சாதனங்களை ஏற்பதற்கு ஒரு தனிச் சுவிட்ச் இருக்கிறது. செட்டிங்ஸ் தேடலில் `OTG` என்று அடித்தால் வரும். சிப் உள்ள டொங்கிளுக்கு அது திறந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றும் மாட்டாமல் இருந்தால், வழக்கமாகப் பத்து நிமிடத்தில், அது தானாகவே அணைந்துவிடும். "நேற்றுக் கேட்டது, இன்றைக்குக் கேட்கவில்லை" என்று வருபவர்களில் கணிசமானவர்களுக்கு இதுதான் காரணம்.

டெவலப்பர் அமைப்பைப் பாருங்கள். முன்பு யாராவது டெவலப்பர் அமைப்பைத் திறந்து வைத்திருந்தால் மட்டும் இது தேவை. `Disable USB audio routing` என்ற வரி திறந்திருந்தால் அணையுங்கள். அது திறந்திருக்கும்வரை எந்த டொங்கிளுக்கும் ஒலி தானாகப் போகாது.

இன்னும் கேட்கவில்லையா? இப்போது டொங்கிளா போனா என்று பிரிக்க வேண்டும். டைப்-சி தலையுள்ள பென் டிரைவ் ஒன்றை, அல்லது சாதாரணப் பென் டிரைவை ஓ.டி.ஜி. வயரோடு, போனில் மாட்டுங்கள். கோப்புகள் தெரிந்தால் போனின் துளை நன்றாக இருக்கிறது. சிப் உள்ள வேறு டொங்கிள் வாங்குங்கள். பென் டிரைவும் தெரியாமல், ஆனால் சார்ஜ் மட்டும் ஏறினால், துளையின் தரவு முனைகள் போய்விட்டன. சார்ஜுக்கும் தரவுக்கும் தொடுமுனைகள் வேறு வேறு என்பதால் "சார்ஜ் ஏறுதே" என்பது துளை நலமாக இருப்பதற்குச் சான்று ஆகாது. முன்பு சார்ஜிங் போர்ட் மாற்றிய போனென்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும். மலிவான மாற்றுப் போர்ட்கள் சிலவற்றில் சார்ஜ் மட்டும் ஒழுங்காக வரும். இங்கே நிறுத்திவிட்டுத் திருத்துநரிடம் போங்கள். துளை தனிச் சிறு போர்டில் இருக்கும் மாதிரி என்றால் வேலை சுருக்கம், பிரதான போர்டிலேயே ஒட்டியிருந்தால் செலவு கூடும். எது என்று கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: அசைத்தால் கேட்கிறது, விட்டால் நிற்கிறது

மூன்று இணைப்புகள் இருக்கின்றன: போன் துளை, டொங்கிள் வயர், இயர்போன் முள். ஒவ்வொன்றாகப் பிடித்து அசையுங்கள். போனை மேசையில் வைத்து டைப்-சி தலையை மட்டும் மெதுவாகத் தொட்டால் நின்றால் துளை. டொங்கிளின் வயர் கழுத்தை மடக்கும்போது நின்றால் டொங்கிள். இயர்போன் முள்ளை உருட்டும்போது கரகரத்தால் அந்த முள்ளும் துளையும் அழுக்கு. கடைசியானதை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, முள்ளைப் பல தடவை செருகி எடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

டொங்கிளின் கழுத்து உடைந்திருந்தால் திருத்த முயல வேண்டாம், புதிதே வாங்கலாம். அடுத்தது உடையாதிருக்க ஒரு பழக்கம்: போனைப் பையில் வைக்கும்போது டைப்-சி துளை மேலே பார்க்கட்டும். டொங்கிளோடு தலைகீழாகப் பையில் போகும் போன்தான் சீக்கிரம் துளையை இழக்கிறது.

## அறிகுறி: இசை கேட்கிறது, பாடுபவரின் குரல் காணவில்லை

கிணற்றுக்குள் இருந்து வருவதுபோலக் கேட்கும். மிருதங்கமும் வயலினும் இருக்கும், நடுவில் நிற்கும் குரல் மட்டும் தேய்ந்து போயிருக்கும். டொங்கிளின் தரக்குறைவு என்று பலர் இதைத்தான் சொல்கிறார்கள். இது தரப் பிரச்சினை இல்லை, எர்த் இணைப்புக் கிடைக்காத பிரச்சினை.

இயர்போனில் இருக்கும் மைக் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். பிடித்திருக்கும்வரை குரல் திரும்பி வந்தால் காரணம் உறுதி. முள்ளில் நான்கு வளையம் உள்ள இயர்போன்களில் மைக்கும் எர்த்தும் எந்த வளையத்தில் என்பதில் இரண்டு ஒழுங்குகள் உண்டு. இன்றைய டொங்கிள்கள் ஒன்றைப் பின்பற்றுகின்றன, பழைய செல்போன்களோடு வந்த சில இயர்போன்கள் மற்றதைப் பின்பற்றுகின்றன. அந்த இயர்போனைக் கைவிடுவது அல்லது இரண்டையும் மாற்றிக் கொடுக்கும் சிறு இணைப்பை இடையில் போடுவது, இந்த இரண்டே வழிகள்தான்.

பொத்தானை அழுத்தியும் மாற்றமில்லை என்றால் முள் முழுதாக உள்ளே போகவில்லை. கடைசியில் ஒரு 'டிக்' உணரும்வரை அழுத்துங்கள். பாட்டு நன்றாகக் கேட்டு, கோலில் மட்டும் உங்கள் பேச்சு மறுபக்கம் போகவில்லை என்றால் முள்ளின் வளையங்களை எண்ணுங்கள். கறுப்புக் கோடு இரண்டு மட்டும் இருந்தால் அந்த இயர்போனில் மைக்கே இல்லை. மூன்று இருந்தும் பேச்சுப் போகவில்லை என்றால் பெரும்பாலும் டொங்கிள் மைக் இணைப்பு இல்லாதது.

## அறிகுறி: சத்தம் காணாது, "தரம் கெட்டுப்போச்சு"

இந்தத் தலைப்புக்குக் கொஞ்சம் நேரம் எடுக்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் மக்கள் வீணாகக் காசு செலவழிக்கிறார்கள்.

உவர்மலைப் பக்கம் சங்கீதம் படிப்பிக்கும் ஒரு டீச்சர் வந்தார். பழைய போனில் துளை இருந்தது. புதுப் போனுக்கு, ஜெர்மனியில் இருக்கும் தங்கை அனுப்பிய ஆப்பிள் டொங்கிள். இயர்போன் அதே பழையதுதான்.

"தம்பி, இந்த டொங்கிள் போட்ட பிறகு தம்புராவே கேட்குதில்ல. முழுசா வைச்சாலும் சத்தம் காணாது. தரமான சாமான் என்றுதானே அனுப்பினவள்?"

"டீச்சர், டொங்கிளைக் குறை சொல்ல முதல் ரெண்டு இடத்தில போட்டுப் பார்ப்பம்."

முதலில் அதே டொங்கிளையும் இயர்போனையும் கடையின் மடிக்கணினியில் மாட்டினோம். அங்கே போனில் இருந்ததைவிடச் சத்தம் நன்றாக உயர்ந்தது. அதாவது டொங்கிள் பழுதில்லை. சிப் உள்ள டொங்கிளுக்குள்ளேயே தனியாக ஒரு வொலியூம் இருக்கிறது. ஐபோனும் கணினியும் அதை மேலே ஏற்றிவிடுகின்றன. பல ஆண்ட்ராய்டு போன்கள் அதைத் தொடுவதில்லை; தம் பக்க வொலியூமை மட்டும் ஏற்றி இறக்குகின்றன. ஆகவே நீங்கள் முழுதாக வைத்தாலும் டொங்கிள் பாதியில் நிற்கிறது. ஆப்பிள் டொங்கிளில் இது மிகத் தெளிவாகத் தெரியும்.

இரண்டாவது காரணமும் அவருடைய டொங்கிளில் இருந்தது. ஐரோப்பாவில் விற்கும் ஆப்பிள் டொங்கிளின் மாதிரி எண் ஏ2155. அங்குள்ள ஒலி வரம்பு விதிகளுக்கு ஏற்ப அதன் உச்ச வெளியீடு ஏறத்தாழ அரை வோல்ட். அமெரிக்காவில் விற்கும் ஏ2049 ஏறத்தாழ ஒரு வோல்ட் கொடுக்கும். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் வாங்கி அனுப்புவதென்றால் இந்த எண்ணைச் சொல்லி அனுப்புங்கள்.

அடுத்து உண்மையான தர ஒப்பீடு. பழைய போனின் துளையில் ஒருமுறை, புதுப் போனில் கடையில் இருந்த சிப் உள்ள வேறொரு டொங்கிளில் ஒருமுறை, அதே ஆலாபனை. அவர் முதலில் பழைய போனைத்தான் நல்லதென்றார். பிறகு இரண்டின் சத்தத்தையும் சமமாக்கினோம். எந்த வித்தியாசம் இருந்தாலும் சற்றுக் கூடச் சத்தமாகக் கேட்பதுதான் "தெளிவாக இருக்கு" என்று காதுக்குத் தோன்றும், ஆகவே இதைச் செய்யாமல் எந்த ஒப்பீட்டையும் நம்ப வேண்டாம். சமமாக்கிய பிறகு, எது ஓடுகிறது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டபோது அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தம்புராவின் நரம்பு ஒவ்வொன்றையும் பிரித்துக் கேட்கும் காது அது. வேறு டொங்கிளோடு வீட்டுக்குப் போனார்.

வீட்டில் நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு கிலோஹேர்ட்ஸ் நிலையான ஒலி ஒன்றை ஓடவிட்டு, இயர்போனின் ஒரு பக்கத்தை இரண்டாவது போனின் மைக்கோடு ஒரே இடத்தில் ஒட்டிப் பிடித்து, ஒலியளவு காட்டும் ஆப்பில் எண்ணைப் பாருங்கள். இரண்டு இணைப்பிலும் அந்த எண் ஒன்றாக வரும்வரை வொலியூமைத் திருத்துங்கள். பிறகு வீட்டில் ஒருவரை மாற்றிப் போடச் சொல்லி, எது ஓடுகிறது என்று நீங்கள் நினைப்பதைப் பத்துத் தடவை எழுதி வையுங்கள். ஐந்தோ ஆறோ சரியென்றால் அது ஊகம். ஒன்பது அல்லது பத்து சரியென்றால் உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறது.

என் அனுபவத்தில் சாதாரண 16 அல்லது 32 ஓம் இயர்போனுக்கு, ஒழுங்காகச் செய்த சிப் டொங்கிள் பழைய துளையைவிடக் குறைவதும் இல்லை, பெரிதாக உயர்வதும் இல்லை. சிப் இல்லாத டொங்கிள் தரத்தைத் தீர்மானிப்பதே இல்லை; அங்கே போனின் ஒலிச் சுற்று எப்படியோ அப்படித்தான். உண்மையில் தரம் மாறும் இடங்கள் வேறு.

இரைச்சல். பாட்டை நிறுத்தி அமைதியில் கேளுங்கள். 'ஸ்ஸ்' என்று ஓயாமல் இரைந்தாலோ, பாட்டுத் தொடங்கும்போதெல்லாம் 'டக்' என்றாலோ அது மலிவான டொங்கிள். காதுக்குள் இறுக்கமாகப் போகும் உணர்திறன் கூடிய இயர்போன்களில் இது இன்னும் தெரியும். மாற்ற வேண்டிய டொங்கிள் இதுதான்.

பழைய போனின் ஒலி மெருகு. சில போன்களில் பாஸ் கூட்டும் அமைப்போ ஈக்குவலைசரோ இயர்போன் துளைக்கு வேலை செய்யும், யூ.எஸ்.பி. வழி போகும் ஒலிக்குச் செய்யாது. "பாஸ் இல்லை" என்று தோன்றினால் பழைய போனில் அது திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அதை அணைத்துவிட்டு ஒப்பிட்டால் பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகிவிடும்.

பாட்டு வரும் வழி. டேட்டா பக்கேஜ் தீராமல் இருக்க ஆப்பில் குறைந்த தரம் வைத்திருப்போம், மறந்துபோவோம். ஸ்பொட்டிஃபையில் குறைந்த தரம் 24 கிலோபிட், `Very high` என்ற தரம் 320. இந்த இடைவெளி எந்த இரண்டு நல்ல டொங்கிள்களுக்கும் இடையிலான வித்தியாசத்தைவிட மிகப் பெரியது. புதுப் போனில் ஆப்பைப் புதிதாகப் போட்டிருப்பீர்கள், அமைப்பு தொடக்க நிலைக்குப் போயிருக்கும்.

இயர்போன் வகை. 250, 300 ஓம் ஸ்டூடியோ ஹெட்போன் வைத்திருப்பவர்களுக்குச் சாதாரண டொங்கிளின் வோல்ட் போதாது. ஒரு பக்கத்துக்குள் பல சிறு ஸ்பீக்கர்கள் உள்ள விலை கூடிய இயர்போன்களோ, டொங்கிளின் வெளியீட்டு மின்தடை கூடினால் குரலின் நிறத்தையே மாற்றிக் காட்டும். இந்த இரு வகையினருக்கு மட்டும்தான் விலை கூடிய டொங்கிளுக்குக் காசு கொடுப்பதில் பொருள் இருக்கிறது. மற்றவர்கள் அந்தக் காசை இயர்போனில் போடுங்கள்.

ஆப்பிள் டொங்கிளை ஆண்ட்ராய்டில்தான் பாவிக்க வேண்டும் என்றால், டொங்கிளின் உள் வொலியூமைத் தானே ஏற்றும் `USB Audio Player PRO` போன்ற ஆப் உதவும். ஆனால் அந்த ஆப்பில் ஓடும் பாட்டுக்கு மட்டும்தான், கோலுக்கோ யூடியூப்புக்கோ அல்ல.

## அறிகுறி: சார்ஜ் போட்டபடி கேட்டால் இரைகிறது, அல்லது ஒன்று மட்டும் வேலை செய்கிறது

சார்ஜும் இயர்போனும் ஒன்றாக மாட்டும் இரட்டைத் துளை டொங்கிள்களில், சிப் இல்லாதவை உங்கள் போனில் சார்ஜ் மட்டும் ஏற்றிவிட்டு ஒலியைத் தராமல் போகலாம். வாங்கும்போதே கடையில் இரண்டையும் சேர்த்து மாட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

இரைச்சல் என்றால் சுவரில் இருந்து சார்ஜரைக் கழற்றுங்கள். நின்றுவிட்டதா? இப்போது பவர் பேங்கில் மாட்டுங்கள். அங்கே அமைதியாக இருந்தால் பிழை சார்ஜரில். போனோடு வந்த சார்ஜரையோ தரமான வேறொன்றையோ போட்டால் சரியாகும். பவர் பேங்கிலும் இரைந்தால் டொங்கிளை மாற்றுங்கள்.

போனின் உலோக விளிம்பைத் தடவும்போதோ காதிலோ மெல்லிய சுரீர் உணர்வு வந்தால் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் இயர்போனைக் காதிலிருந்து எடுத்து, சுவர்ச் சுவிட்சை அணைத்து, பிறகு சார்ஜரைக் கழற்றுங்கள். அந்தச் சார்ஜரை மீண்டும் பாவிக்கக் கூடாது, வேறு யாருக்கும் கொடுக்கவும் கூடாது. வேறு நல்ல சார்ஜரிலும் அதே உணர்வு வந்தால் வீட்டு மின்னிணைப்பின் எர்த்தை மின்னியலாளர் ஒருவரைக் கூப்பிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள், அதுவரை சார்ஜில் இருக்கும் போனில் வயர் இயர்போன் மாட்ட வேண்டாம்.